ஆர்கெஸ்ட்ரா கச்சேரிக்கு முதல் முறை போகிறீர்களா? வாசலில் தரும் தாளை இப்படிப் படியுங்கள்

தண்டையார்பேட்டை, ராயபுரம், வியாசர்பாடி பக்கம் இருந்து முதல் முறையாக மேற்கத்திய ஆர்கெஸ்ட்ரா கேட்கக் கிளம்புகிறவர்களுக்கு வரும் சந்தேகம் பெரும்பாலும் ஒன்றுதான்: வாசித்தது முடிந்துவிட்டதா, இன்னும் இருக்கிறதா, எப்போது கை தட்டுவது? பதிலில் முக்கால்வாசி அரங்க வாசலில் கையில் தரும் நிகழ்ச்சி நிரலிலேயே இருக்கிறது. மீதியைத் தாள் சொல்லாது, காதும் கண்ணும்தான் சொல்ல வேண்டும். ஒரு மாதிரி நிரலை எடுத்துக்கொண்டு மேலிருந்து கீழே படித்துப் பார்ப்போம். தாளில் எல்லாம் ஆங்கில எழுத்தில்தான் இருக்கும், இங்கே உச்சரிப்பைத் தமிழில் தருகிறேன்.

பேத்தோவன்
கோரியோலான் ஓவர்ச்சர், ஓபஸ் 62

மெண்டல்சன்
வயலின் கான்செர்டோ, இ மைனர், ஓபஸ் 64
1. அலெக்ரோ மோல்ட்டோ அப்பாஸியொனாட்டோ
2. அந்தாந்தே
3. அலெக்ரெட்டோ நான் ட்ரோப்போ – அலெக்ரோ மோல்ட்டோ விவாச்சே

இடைவேளை

பேத்தோவன்
5ஆம் சிம்பொனி, சி மைனர், ஓபஸ் 67
1. அலெக்ரோ கான் ப்ரியோ
2. அந்தாந்தே கான் மோட்டோ
3. அலெக்ரோ
4. அலெக்ரோ

படி 1: இசையமைப்பாளர் பெயர்களை எண்ணுங்கள்

பெயர் மூன்று இடத்தில் வருகிறது, ஆக இன்றைக்கு மூன்று உருப்படிகள். அதற்குக் கீழே எண் போட்டு வரும் வரிகள் தனித்தனிப் பாட்டுகள் அல்ல, அந்த உருப்படியின் பகுதிகள். மூவ்மென்ட் என்பது இதுதான். இந்தக் காலத்து வழக்கப்படி மூவ்மென்ட்டுகளுக்கு நடுவில் கை தட்டுவதில்லை, உருப்படி முழுதும் முடிந்த பிறகுதான். ஆகவே இந்தத் தாளின்படி மூன்று முறை கைதட்டல். நடுவில் யாராவது தட்டிவிட்டால் அது ஒன்றும் பெரிய குற்றம் கிடையாது, பேத்தோவன் காலத்தில் நடுவில் தட்டுவது சகஜம். 1813இல் வியன்னாவில் அவருடைய 7ஆம் சிம்பொனி முதன்முதலாக அரங்கேறியபோது இரண்டாவது மூவ்மென்ட்டைத் திரும்ப வாசிக்க வைத்தார்கள்.

மூவ்மென்ட்டுக்குப் பெரும்பாலும் தனிப் பெயர் இருக்காது. வேகத்தைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லே தலைப்பாக நிற்கும். அலெக்ரோ என்றால் விறுவிறுப்பு, அந்தாந்தே என்றால் நடக்கிற வேகம். இப்போதைக்கு இந்த இரண்டு போதும், ஏனென்றால் வேகம் மாறுவதை வைத்துத்தான் அடுத்த வரிக்கு வந்துவிட்டோம் என்று கண்டுபிடிக்கப் போகிறோம்.

படி 2: எண் இல்லாத உருப்படியைக் கவனியுங்கள்

கோரியோலானுக்குக் கீழே எண்கள் எதுவும் இல்லை. சுமார் எட்டு நிமிடம், ஒரே மூச்சு. ஆனால் ஆரம்பத்திலேயே ஓங்கி ஓர் அடி, பிறகு திடீர் அமைதி, மறுபடி அடி, மறுபடி அமைதி என்று போகும். அந்த அமைதிகள் இசையின் பாகம்தான். முடிவு இதற்கு நேர் எதிர்: வேகம் தளர்ந்து, சத்தம் தேய்ந்து, கடைசியில் தந்திகளை வில்லால் இழுக்காமல் விரலால் மெதுவாகச் சுண்டி நிறுத்துவார்கள். பெரிய சத்தத்தோடுதான் முடியும் என்று காத்திருந்தால் முடிந்ததே தெரியாது. இங்கே ஆர்கெஸ்ட்ராவை முன்னால் நின்று கையசைத்து நடத்தும் கண்டக்டரின் கையைப் பாருங்கள், கை முழுதாக இறங்கிய பிறகு தட்டலாம்.

படி 3: வயலின் கான்செர்டோவில் எண்களை அப்படியே நம்பாதீர்கள்

கான்செர்டோ என்றால் ஒருவர் முன்னால் நின்று தனித்து வாசிக்க, ஆர்கெஸ்ட்ரா கூடச் சேரும் உருப்படி. தாள் காலை வாருகிற இடம் இதுதான். மூன்று வரி இருப்பதால் நடுவில் இரண்டு முறை நிறுத்துவார்கள் என்று தோன்றும். மெண்டல்சன் அப்படி எழுதவில்லை, மூன்றையும் சேர்த்தே தைத்திருக்கிறார்.

முதல் மூவ்மென்ட் சுமார் 13 நிமிடம். அதன் நடுவில் ஒரு கட்டத்தில் ஆர்கெஸ்ட்ரா மொத்தமும் நிறுத்திவிடும், முன்னால் நிற்கும் வயலின்காரர் மட்டும் தனியாக வாசிப்பார். கெடென்ஸா என்பார்கள். நம் ஊர்க் கச்சேரியில் தனி ஆவர்த்தனம் முடிந்ததும் தட்டிப் பழகிய கை இங்கே தானாக எழும், அடக்கிக்கொள்ளுங்கள், மூவ்மென்ட் இன்னும் பாக்கி இருக்கிறது.

உண்மையான முடிவு ஆரவாரமாக வரும். எல்லோரும் ஓங்கி வாசித்து நிறுத்துவார்கள், ஆனால் ஒரே ஒருவர் நிறுத்த மாட்டார். பஸூன் என்ற நீண்ட மரக்குழல் ஒரு சுரத்தை மட்டும் பிடித்துக்கொண்டே இருக்கும். அந்தச் சுரம்தான் 1க்கும் 2க்கும் நடுவில் உள்ள பாலம். அதைக் கேட்டுவிட்டால் தாளில் விரலை இரண்டாவது வரிக்கு நகர்த்திவிடலாம். அந்தாந்தே முடிந்து மூன்றாவதுக்குப் போகும்போதும் அப்படியே இழுத்துக்கொண்டு போவார்கள். அந்த வரியில் நடுவே ஒரு கோடு போட்டு இரண்டு வேகம் எழுதியிருக்கிறது பாருங்கள்: முதலில் நிதானமான சின்ன முன்னுரை, பிறகு ட்ரம்பெட் சத்தம், உடனே வயலின் பாய்ந்து ஓடத் தொடங்கும்.

இதில் நமக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. தாமதமாக வருகிறவர்களை இசை நடுவில் பொதுவாக உள்ளே விட மாட்டார்கள். வண்ணாரப்பேட்டையில் ஏறி, பீச்சில் தாம்பரம் வண்டிக்கு மாறி, சேத்துப்பட்டில் இறங்கி ஹாரிங்டன் சாலை அரங்கத்துக்கு நடக்கிறவர் கோரியோலான் நடுவில் வந்து சேர்ந்தால் எட்டு நிமிடத்துக்குள் உள்ளே போய்விடலாம். கான்செர்டோ தொடங்கிய பின் வந்தால் நடுவில் நிறுத்தமே இல்லை, இடைவேளை வரை 27 நிமிடம் போல வெளியேதான். நிரலை முன்கூட்டியே இணையத்தில் போட்டிருந்தால் எந்த வண்டியைப் பிடிப்பது என்பதை இதை வைத்தே முடிவு செய்யுங்கள்.

படி 4: சிம்பொனியில் எத்தனை நிறுத்தம்?

நான்கு வரி. முதல் மூவ்மென்ட்டுக்குப் பின் நிறுத்தம் உண்டு, இரண்டாவதுக்குப் பின்னும் உண்டு. அந்த இடங்களில் இருமல் கேட்கும், பக்கம் புரட்டுவார்கள். மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் மட்டும் நிறுத்தம் கிடையாது.

மூன்றாவது மூவ்மென்ட் கனத்த தந்தி வாத்தியங்கள் அடிக்குரலில் முனகுவதுபோலத் தொடங்கும். மூன்றாவதும் நான்காவதும் அலெக்ரோதான் என்பதால் தலைப்பு இங்கே உதவாது. கேட்க வேண்டியது டிம்பனி முரசை. சத்தமெல்லாம் அடங்கி, தந்திகள் ஒரே சுரத்தில் நிற்க, முரசு மட்டும் மெல்லத் தட்டிக்கொண்டிருக்கும். அது கொஞ்சம் கொஞ்சமாக வீங்கி, சட்டென்று வெடித்துத் திறக்கும். வெடித்த அந்த நொடிதான் நான்காவது வரி.

கண்ணுக்கும் ஓர் அடையாளம் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். கல்யாணம், ஊர்வலம் என்று பேண்டு பார்த்து வளர்ந்த நம் பக்கத்து ஆட்களுக்கு ட்ராம்போன் புதிதில்லை. இந்த சிம்பொனியில் மூன்று ட்ராம்போன்காரர்கள் முதல் மூன்று மூவ்மென்ட்டிலும் ஒரு சுரம்கூட வாசிக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் வாத்தியத்தைத் தூக்கினால் நான்காவது வந்துவிட்டது என்று அர்த்தம்.

அப்புறம், தாளில் சி மைனர் என்றுதானே போட்டிருக்கிறது? அது சிம்பொனி தொடங்கும் ஸ்வர அமைப்பின் பெயர், மைனர் பெரும்பாலும் இருண்டு ஒலிக்கும், மேஜர் வெளிச்சமாக ஒலிக்கும். நான்காவது சி மேஜரில் இருக்கிறது, அதனால்தான் அந்த வெடிப்பில் வெளிச்சம் வந்ததுபோலக் காது உணர்கிறது. கோரியோலானும் சி மைனரில்தான் தொடங்கியது, 1807இல் எழுதியது, இந்த சிம்பொனி 1808இல் அரங்கேறியது. ஓபஸ் எண் 62, 67 என்று பக்கத்தில் இருப்பதைப் பார்த்தாலே ஏறக்குறைய ஒரே காலத்து வேலை என்று ஊகிக்கலாம் (ஓபஸ் எண் பெரும்பாலும் வெளியான வரிசை, எழுதிய வரிசையாகவே இருக்க வேண்டியதில்லை). கோரியோலான் மைனரிலேயே தேய்ந்து அடங்கியது, சிம்பொனி மேஜரில் போய் முடிகிறது. இரண்டையும் ஒரே மாலையில் வைத்தவர் நாம் இதைக் கேட்க வேண்டும் என்றுதான் வைத்திருப்பார்.

கடைசியில் வேகம் இன்னும் கூடும், முடிந்தது போல ஓங்கி அடிப்பார்கள், முடிந்திருக்காது, மறுபடி அடிப்பார்கள். சின்னச் சின்ன இடைவெளி விட்டு ஒரே ஸ்வரக்கூட்டு திரும்பத் திரும்ப வரும். கடைசி அடி மட்டும் நீண்டு நிற்கும், அதற்குப் பிறகு கண்டக்டர் கையை இறக்கி நம் பக்கம் திரும்புவார். அப்போது தட்டுங்கள்.