EOD, COB, PFA: அலுவலக மெயிலில் வரும் சுருக்கங்களைச் சரியாகப் படிப்பது எப்படி?

சென்னையில் ஒரு ஐடி கம்பெனியில் நீங்கள் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். ஜனவரி மாதம், திங்கட்கிழமை. நியூயார்க்கில் இருக்கும் கிளையண்ட் மேனேஜரிடமிருந்து இப்படி ஒரு மெயில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம்.

```
PFA v2. FYA.
Need it by COB Thu EST.
```

இரண்டே வரி. ஆனால் எந்த ஃபைல், அதை என்ன செய்ய வேண்டும், எந்த நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்ற மூன்று கேள்விகளுக்கும் இதில் பாதிப் பதில்தான் இருக்கிறது. மீதியை நாம் கண்டுபிடிக்க வேண்டும். இந்த மெயிலையே வைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

படி 1: யாருடைய கடிகாரம்?

கெடு சம்பந்தமான எந்தச் சுருக்கத்தைப் பார்த்தாலும் முதலில் தேட வேண்டியது நேர மண்டலத்தை. இங்கே அது EST, அதாவது நியூயார்க்கின் குளிர்கால நேரம். COB என்பது குளோஸ் ஆஃப் பிசினஸ், அதாவது அலுவலகம் மூடும் நேரம். அமெரிக்க அலுவலகங்களில் பெரும்பாலும் மாலை 5 மணியைத்தான் அப்படிச் சொல்வார்கள். நியூயார்க்கில் வியாழன் மாலை 5 மணி ஆகும்போது, ஜனவரி மாதத்தில் நமக்கு வெள்ளிக்கிழமை அதிகாலை 3.30. அந்த நேரத்தில் நீங்கள் அலுவலகத்தில் இருக்கப் போவதில்லை. எனவே உங்களுடைய உண்மையான கெடு வியாழக்கிழமை மாலை, நீங்கள் வீட்டுக்குக் கிளம்புவதற்கு முன்.

இதே மெயில் ஜூலையில் வந்தால் கணக்கு மாறும். மார்ச் மாதம் இரண்டாவது ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கிறார்கள். அப்போது அதே மாலை 5 மணி நமக்கு அதிகாலை 2.30. அந்த மாதங்களில் EDT, அதாவது கோடைகால நேரம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் பழக்கத்தில் EST என்றே பலர் எழுதிவிடுவார்கள். அப்படி எழுதியிருந்தாலும் அவர்கள் மனதில் இருப்பது சுவரில் தொங்கும் தங்கள் கடிகாரம்தான். அதையே கணக்கில் எடுங்கள்.

நாம் எழுதும் IST-யிலும் இதே சிக்கல் உண்டு. அயர்லாந்தின் கோடைகால நேரத்துக்கும் இஸ்ரேல் நேரத்துக்கும் அதே மூன்று எழுத்துகள்தான். அந்த நாட்டுக் குழுக்களோடு வேலை செய்பவர்கள், சென்னை நேரம் என்று ஊர் பெயரோடு எழுதிவிடுவது நல்லது.

படி 2: EOD-யா, COB-யா?

இரண்டும் ஒன்றுதான் என்று பலர் நினைக்கிறார்கள். வித்தியாசம் எங்கே தெரியும் என்றால், வெள்ளிக்கிழமை காலை 9.30-க்கு நீங்கள் சீட்டில் வந்து உட்காரும்போது. ஜனவரியில் அப்போது நியூயார்க்கில் வியாழன் இரவு 11 மணி. COB முடிந்து ஆறு மணி நேரம் ஆகிவிட்டது. ஆனால் EOD என்று எழுதியிருந்தால், அதாவது எண்ட் ஆஃப் டே, அங்கே இன்னும் வியாழக்கிழமைதான்.

EOD எழுதுபவர்களில் பலர், "நாளைக் காலை நான் வரும்போது இன்பாக்ஸில் இருந்தால் போதும்" என்ற அர்த்தத்தில்தான் எழுதுகிறார்கள். COB எழுதுபவருக்கோ அன்று மாலையே அந்த ஃபைலை வைத்து ஏதாவது வேலை இருக்கலாம். அவருடைய மேலாளருக்கு அனுப்ப வேண்டியிருக்கும், அல்லது மாலை மீட்டிங்கில் காட்ட வேண்டியிருக்கும். என் யோசனை, COB-யைக் கறாரான கெடுவாகவே எடுத்துக்கொள்ளுங்கள். EOD என்றால் ஒரு தடவை கேட்டுவிடுங்கள். ஏனென்றால் சில டீம்களில் இரண்டையும் ஒரே அர்த்தத்தில்தான் பயன்படுத்துகிறார்கள்.

EOW, அதாவது வார இறுதிக்குள், என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நமக்கு அது வெள்ளி மாலை. சவூதியில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். அங்கிருந்து EOW என்று வந்தால் வியாழக்கிழமை. ஐக்கிய அரபு அமீரகத்தில் 2022 முதல் அரசு அலுவலகங்களுக்குச் சனி, ஞாயிறு விடுமுறை, வெள்ளிக்கிழமை அரை நாள் வேலை. ஆகவே வெள்ளி மாலை அனுப்பினால் பார்க்க ஆள் இருக்காது.

ASAP, அதாவது முடிந்தவரை சீக்கிரம், என்பதில் நேரமே கிடையாது. கையில் இருப்பதை ஓரமாக வைத்துவிட்டு இதை எடு என்ற வேண்டுகோள் அது. "இன்று மாலைக்குள் தரட்டுமா?" என்று நீங்களே ஒரு நேரத்தைச் சொல்லிக் கேளுங்கள்.

படி 3: PFA என்றால் ஃபைல் எங்கே?

PFA என்பது, இணைப்பில் இருக்கிறது பாருங்கள் என்பதன் சுருக்கம். இந்திய அலுவலகங்களில் மிகவும் சகஜம். வெளிநாட்டவர் பலருக்குப் பழக்கமில்லை. இதே ஜாடையில் PFB என்று ஒன்று வரும். அதற்கு இணைப்பே இருக்காது, விஷயம் மெயிலுக்குள்ளேயே கீழே இருக்கும். அட்டாச்மெண்ட் வரவில்லை என்று பதில் போடும் முன் கீழே வரை ஸ்க்ரோல் செய்து பாருங்கள்.

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இன்னொரு இடத்தில். டிரெயில் மெயிலில், அதாவது கீழே தொடரும் பழைய மெயில்களில், பத்து நாள் முந்தைய PFA இருக்கும், ஃபைல் இருக்காது. காரணம், ரிப்ளை கொடுத்தால் பழைய இணைப்புகள் கழன்றுவிடும், ஃபார்வர்ட் செய்தால்தான் கூடவே வரும். யாராவது ரிப்ளை ஆல் கொடுத்து இடையில் உங்களைச் சேர்த்திருந்தால், உங்களிடம் அந்த ஃபைல் வந்திருக்கவே வாய்ப்பில்லை. அவரிடம், அந்தத் தேதியிட்ட மெயிலை அப்படியே ஃபார்வர்ட் செய்யச் சொல்லுங்கள்.

நம் மெயிலில் v2 என்று வேறு இருக்கிறது. வந்த ஃபைலின் பெயரிலும் அதே எண் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். v1-ஐத் திறந்து இரண்டு நாள் உழைத்தால் அத்தனையும் வீண்.

படி 4: பார்க்கவா, செய்யவா?

FYI என்றால் தகவலுக்காக. பொதுவாகப் பதில் தேவையில்லை. FYA என்றால் உங்களிடம் ஏதோ எதிர்பார்க்கிறார்கள். நடவடிக்கையா ஒப்புதலா என்பது டீமுக்கு டீம் மாறும். நம் மெயிலில் அதுதான் வந்திருக்கிறது. ஒப்புதலுக்கு அனுப்பியதை நீங்கள் உட்கார்ந்து திருத்தினால் அவருக்குக் குழப்பம். நிரப்பித் தரச் சொன்னதற்கு "ஓகே" என்று மட்டும் அனுப்பினால் வியாழன் மாலை அவர் கையில் ஒன்றுமே இருக்காது.

படி 5: பதிலில் சுருக்கத்தை விரித்து எழுதுங்கள்

திங்கட்கிழமையே இப்படிப் பதில் போடலாம்.

```
Got v2. I will fill it and send by
Thu 6 PM Chennai / 7:30 AM New York.
Do you need only my approval instead?
```

இதில் ஃபைல், நேரம், வேலை மூன்றும் வந்துவிட்டன. நீங்கள் புரிந்துகொண்டதில் ஏதாவது பிசகு இருந்தால் அவர் செவ்வாய்க்கிழமையே திருத்திவிடுவார், உங்களுக்கு இரண்டு நாள் மிச்சம் இருக்கும். அப்புறம், வியாழன் அன்று ஃபைலை அனுப்பும்போது PFA-க்குப் பதிலாக `attached` என்று முழுதாக எழுதுங்கள். அந்த வார்த்தையை எழுதிவிட்டு ஃபைலைச் சேர்க்க மறந்தால், ஜிமெயிலும் அவுட்லுக்கும் செண்ட் அழுத்தும்போது பெரும்பாலும் எச்சரிக்கும்.