பலகாரத்துக்குப் பெயர் வைக்கும்போது நேரும் தவறுகள்

அம்பாசமுத்திரத்தில் வீட்டிலேயே முந்திரிக்கொத்து சுட்டு, அக்கம்பக்கத்தில் விற்றுவரும் ஒருவர் இணையத்திலும் விற்க முடிவு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பெயர் யோசித்ததும் முதலில் வருவது 'நெல்லை பாரம்பரிய முந்திரிக்கொத்து'. அதன் கீழே ஒரு வரி: 'பாட்டியின் கைமணம், சர்க்கரை இல்லா இனிப்பு'. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அப்படியே ஸ்டிக்கர் அச்சடித்துவிட்டால் பின்னால் வருத்தம்தான்.

முதல் தவறு, ஊர்ப் பெயரையே கடைப் பெயராக்குவது. 'நெல்லை' என்று தொடங்கும் பலகாரக் கடைகள் ஏராளம். ஒருமுறை வாங்கியவர் அடுத்த முறை தேடும்போது அந்தக் கூட்டத்தில் உங்களைக் கண்டுபிடிக்க முடியாது. ஊரையும் தரத்தையும் மட்டும் சொல்லும் பெயரை, 1999ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டப்படி, புதிதாகத் தொடங்குபவர் தனக்கே உரியதாகப் பதிவு செய்வதும் கடினம். பக்கத்து ஊரின் புகழைக் கடன் வாங்குவது இன்னும் மோசம். கோவில்பட்டி கடலைமிட்டாய் 2020இல் புவிசார் குறியீடு பெற்றது. வேறு ஊரில் செய்த மிட்டாய்க்கு அந்தப் பெயரை வைக்க முடியாது. ஊர்ப் பெயர் முகவரியிலும் விளக்கத்திலும் இருக்கட்டும்.

அடுத்த தவறு எழுத்துக்கூட்டலில் நேர்கிறது. இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. தமிழ்ப் பெயராகவே வைத்தாலும், வாங்குபவர்களில் பலர் தேடும்போது ஆங்கில எழுத்தில்தான் தட்டுகிறார்கள். பொட்டல லேபிளின் கட்டாய விவரங்களும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தாக வேண்டும். தமிழைக் கூடுதலாகச் சேர்க்கலாம். ஆகவே ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தவிர்க்க வழியில்லை. 'பொழில்' அழகான பெயர்தான். ஆனால் அதை ஒருவர் pozhil என்பார், இன்னொருவர் polil என்பார், மூன்றாமவர் pozil என்பார். ழகரம், நெடில், இரட்டிப்பு ஆகிய மூன்றும் வரும் இடமெல்லாம் இப்படிப் பிரியும். 'கரண்டி' என்றால் பெரும்பாலோர் karandi என்றே தட்டுவார்கள். சமையலறை வாசனையும் இருக்கிறது. மனத்தில் ஒரு பெயர் வந்ததும் ஐந்தாறு பேருக்குப் போனில் வாயால் சொல்லி, தட்டி அனுப்பச் சொல்லுங்கள். ஆளுக்கொரு விதமாக வந்தால் அந்தப் பெயரை விட்டுவிடுவதே நல்லது.

இனிப் பண்டத்தின் பெயருக்கு வருவோம். முந்திரிக்கொத்து என்றால் நம் பக்கத்தில் விளக்கம் வேண்டாம். சென்னையிலோ கோவையிலோ இருப்பவர் முந்திரிப்பருப்பை எதிர்பார்த்து வாங்குவார். பிரித்துப் பார்த்தால் வறுத்த பாசிப்பயற்று மாவும் கருப்பட்டிப் பாகும்! ஏமாற்றிவிட்டார்கள் என்று எழுதுவார். அதற்காக அந்தப் பெயரை மாற்ற வேண்டாம். அது நம் பலகாரத்தின் பெயர். பக்கத்திலேயே 'பாசிப்பயறு, கருப்பட்டி உருண்டை' என்று சேர்த்தால் போதும். அதுவும் தொடக்கத்திலேயே வர வேண்டும். போன் திரையில் நீளமான தலைப்பின் வால் வெட்டுப்பட்டுவிடும்.

விளம்பர வரியில்தான் பெரிய ஆபத்து. கருப்பட்டியும் சர்க்கரைச் சத்துதான். 100 கிராமில் அரை கிராமுக்கு மேல் சர்க்கரைச் சத்து இருந்தால் 'சர்க்கரை இல்லாதது' என்று போடக்கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. அதை விடவும், நீரிழிவு உள்ள ஒருவர் அந்த வரியை நம்பிச் சாப்பிடுவார் என்பதை நினைக்க வேண்டும். 'கருப்பட்டி சேர்த்தது' என்பது உண்மை, அதைச் சொல்லலாம். 'பாரம்பரிய', 'அசல்', 'தூய' போன்ற சொற்களுக்கும் 2018ஆம் ஆண்டு விளம்பர விதிகளில் நிபந்தனைகள் உண்டு. 'வீட்டில் செய்தது' என்பதையும் தவறான எண்ணம் தரும்படி போடக்கூடாது. இன்று அது உண்மையாக இருக்கலாம். நாளை ஆர்டர் பெருகி வெளியே கூடம் பிடித்ததும் பொய்யாகிவிடும்.

'பாட்டியின் கைமணம்' பொய்யில்லை. ஆனால் யார் பொட்டலத்திலும் ஒட்டக்கூடிய வரி அது. உங்களிடம் மட்டும் என்ன நடக்கிறது என்று பாருங்கள். வியாழக்கிழமை சுட்டு மறுநாள் கூரியரில் போடுவதுதான் வழக்கம் என்றால், 'வியாழன் சுடுகிறோம், வெள்ளி அனுப்புகிறோம்' என்பதே நல்ல வரி. அது சரியா என்பதை வாங்குபவர் பொட்டலத்தின் தயாரிப்புத் தேதியைப் பார்த்தே தெரிந்துகொள்வார். ஒரு வாரம்கூடத் தவறாமல் செய்ய முடியும் என்றால் மட்டும் போடுங்கள்.

எல்லாம் முடிவானபின், மத்திய அரசின் வணிகச் சின்னப் பதிவேட்டில், பலகாரங்கள் அடங்கும் 30ஆம் வகுப்பில் அந்தப் பெயரை இலவசமாகத் தேடுங்கள். எழுத்தை மட்டும் பார்க்காமல் ஒலியொற்றுமைத் தேடலையும் பயன்படுத்துங்கள். 'கரண்டி'யே அங்கே வேறொருவர் பெயரில் இருக்கலாம். சமூக ஊடகங்களிலும் அந்த எழுத்துக்கூட்டலில் கணக்கு காலியாக இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அன்றே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு அச்சகத்துக்குப் போகலாம்; முதல் தடவை குறைவான எண்ணிக்கையில் அச்சடித்தால் போதும்.