முதிர்வுத் தொகை வந்தபோது எந்தக் கடனை முதலில் அடைத்தேன்

காப்பீட்டுத் திட்டம் முதிர்ந்து 2,10,000 கைக்கு வந்தபோது எனக்கு இரண்டு கடன்கள் இருந்தன. கிரெடிட் கார்டில் 90,000, தனிநபர் கடனில் 1,20,000. கூட்டினால் சரியாக வந்த தொகை. இரண்டையும் அடைத்துவிடு என்றார்கள் வீட்டில்.

கார்டில் யோசிக்க எதுவுமில்லை. மாதம் 3 சதவீதம் என்றால் 2,700 வட்டியாகவே போய்க்கொண்டிருந்தது. ஆனால் பில்லில் உள்ள தொகையைக் கட்டினால் மட்டும் கணக்கு தீராது. பில் தேதிக்கும் கட்டும் நாளுக்கும் இடைப்பட்ட வட்டி அடுத்த பில்லில் முளைக்கும். அதனால் கட்டும் நாளன்று முழுவதும் தீர எவ்வளவு என்று கேட்டு, அதையே கட்டினேன். அடுத்த பில்லையும் பார்த்துக்கொண்டேன்.

தனிநபர் கடனில்தான் கணக்கு சுவையானது. ஆண்டு வட்டி 14 சதவீதம், மீதி 8 தவணைகள். அசல் குறைந்துகொண்டே வருவதால், இனிக் கட்ட வேண்டிய வட்டி மொத்தமே ஏறக்குறைய 6,400. முன்கூட்டியே முடித்தால் நிலுவையில் 4 சதவீதம், அதாவது 4,800 கட்டணம். ஆக மிச்சம் 1,600தான். அதற்காகக் கையிருப்பைத் துடைத்துவிட்டு, அவசரச் செலவு வந்தால் மறுபடியும் கார்டை நீட்டுவதா? கடன் தன் போக்கில் ஓடட்டும் என்று விட்டு, மீதியைத் தனி சேமிப்புக் கணக்கில் போட்டுவைத்தேன். தவணையும் இப்போது அங்கிருந்தே போகிறது.