போன் வீடியோவை டிவியில் பார்க்க: சத்தம் மட்டும் வந்து படம் வராவிட்டால்

கேலரியில் உள்ள வீடியோவைக் கேபிள் இல்லாமல் டிவியில் ஓட்ட, வீட்டு நெட்வொர்க் வழியாகக் கோப்பை டிவிக்குக் கொடுக்கும் டிஎல்என்ஏ முறை போதும். போனும் டிவியும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். ஆண்ட்ராய்டு போனில் BubbleUPnP போன்ற ஒரு செயலியைப் போட்டு, ஓட்டும் கருவியாக உங்கள் டிவியைத் தேர்ந்தெடுத்து, வீடியோவைத் தொட்டால் சரி. இணையமே இல்லாவிட்டாலும் ரவுட்டர் ஓடினால் போதும்.

டிவியின் பெயர் பட்டியலில் வரவில்லையா? போன் விருந்தினர் வைஃபையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அந்த நெட்வொர்க்கில் கருவிகள் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி ரவுட்டர் பெரும்பாலும் தடுத்துவிடும். விபிஎன் ஓடினாலும் இதே கதைதான்.

பலரைக் குழப்புவது வேறு. பழைய வீடியோ நன்றாக ஓடும், நேற்று எடுத்தது மட்டும் ஓடாது. அல்லது சத்தம் வரும், திரை கறுப்பாக இருக்கும். நானும் இதற்காக ரவுட்டரை நாலு தடவை அணைத்துப் போட்டேன், வீண் வேலை. டிஎல்என்ஏ போன் திரையை அப்படியே காட்டுவதில்லை. டிவி அந்தக் கோப்பை வாங்கித் தானே பிரித்து ஓட்டுகிறது. புதிய போன்கள் பல, இடம் மிச்சப்படுத்த HEVC என்ற H.265 முறையில் பதிவு செய்கின்றன. பழைய டிவிக்கு அது புரியாது.

கேமரா அமைப்பில் அந்தத் தேர்வை அணைத்துவிட்டு, பத்து நொடி எடுத்து ஓட்டிப் பாருங்கள். படம் வந்தால் காரணம் அதுதான். இனி எடுப்பவை பழைய முறையான H.264 ஆக இருக்கும், கோப்பு மட்டும் கொஞ்சம் பெரிதாகும். ஏற்கெனவே எடுத்தவற்றை H.264 ஆக மாற்றித்தான் ஆக வேண்டும்.