ரெப்ளிகேஷன் அறிக்கை: பழைய இடைவெளியையும் புதிய இடைவெளியையும் ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"மூல ஆய்வில் p 0.05-க்குக் கீழே வந்தது, எங்களுக்கு வரவில்லை. எனவே ரெப்ளிகேஷன் தோல்வி." சென்னையில் உளவியல் முதுகலை மாணவர்கள் காட்டும் வரைவுகளில் நான் அடிக்கடி பார்க்கும் வரி இது. ஒப்பிட வேண்டியது விளைவு அளவுகளை, p கோட்டைத் தாண்டியதா என்பதை அல்ல.

ஒரு கற்பனை உதாரணம். நினைவாற்றல் பற்றிய மூல ஆய்வில் குழுவுக்கு 20 பேர். கோஹன் d 0.70, 95% நம்பிக்கை இடைவெளி 0.06 முதல் 1.34 வரை. சென்னைக் கல்லூரி ஒன்றில் அதையே தமிழ்ச் சொற்பட்டியல் வைத்துச் செய்கிறார்கள், குழுவுக்கு 80 பேர். d 0.20, இடைவெளி −0.11 முதல் 0.51 வரை.

புதிய 0.20 பழைய இடைவெளிக்குள் இருக்கிறது, ஆகவே ஒத்துப்போகிறது என்று ஒருவர் எழுதலாம். பழைய 0.70 புதிய இடைவெளிக்கு வெளியே இருக்கிறது, ஆகவே முரண் என்று இன்னொருவர் எழுதலாம். ஒரே தரவு, எதிரெதிர் முடிவு! இருவருமே ஒரு பக்கத்து d-யைப் பிழையே இல்லாத எண்ணாக எடுத்துக்கொண்டதுதான் கோளாறு. வித்தியாசத்துக்கே ஓர் இடைவெளி போட வேண்டும். இங்கே திட்டப் பிழைகள் 0.326, 0.158:

```
0.70 - 0.20 = 0.50
sqrt(0.326^2 + 0.158^2) = 0.362
0.50 ± 1.96 × 0.362  →  -0.21, 1.21
```

வித்தியாசம் பூஜ்யமாகவும் இருக்கலாம், மிகப் பெரிதாகவும் இருக்கலாம். மூல ஆய்வோடு முரண்படுகிறதா என்று இந்தத் தரவால் சொல்ல முடியாது. அறிக்கையில் அதை அப்படியே எழுதுங்கள். புதிய ஆய்வில் குழுவுக்கு 800 பேரைச் சேர்த்தாலும் வித்தியாசத்தின் திட்டப் பிழை 0.33-க்குக் கீழே பெரிதாக இறங்காது, ஏனென்றால் தடுமாற்றம் மூல ஆய்வின் 20 பேரிடம் இருக்கிறது. அதே சமயம் புதிய ஆய்வு தனியாக ஒன்றைச் சொல்கிறது: 0.51-ஐவிடப் பெரிய விளைவு இந்தத் தரவோடு பொருந்தவில்லை. இந்த இரண்டு வாக்கியங்களும் சேர்ந்தே வர வேண்டும்.

அப்புறம், விளைவு குறைந்ததற்கு உடனே "தமிழ்ச் சொற்கள், சென்னை மாணவர்கள்" என்று காரணம் தேடுவது. குழுவுக்கு 20 பேர் என்றால் d சுமார் 0.64-ஐ எட்டினால்தான் p 0.05-க்குக் கீழே வரும். அப்படி வந்தவை மட்டுமே அச்சேறும் சூழலில், உண்மையான விளைவு 0.20 ஆக இருந்தாலும் அச்சில் 0.64-க்கு மேல்தான் தெரியும். மொழி வேறுபாட்டைக் குறிப்பிடுங்கள், சரி. ஆனால் சோதிக்காமல் அதைக் காரணமாக்காதீர்கள்.

இத்தனைக்கும் முன்னால் இரண்டு d-யும் ஒரே சூத்திரத்தில் வந்தவையா என்று பாருங்கள். ஒரே ஆட்களை இருமுறை சோதித்த ஆய்வில், வித்தியாச மதிப்பெண்களின் திட்ட விலக்கத்தால் வகுத்திருப்பார்கள். இரு அளவீடுகளின் தொடர்பு 0.8 என்றால், அந்த எண் வழக்கமான d-யைப் போல சுமார் 1.6 மடங்கு வரும். மூலக் கட்டுரையின் சராசரிகளையும் திட்ட விலக்கங்களையும் எடுத்து நீங்களே மறுபடி கணக்கிட்டு, அந்தக் கணக்கை அறிக்கையில் காட்டிவிடுங்கள்.