ரசீது டின்னும் ராக்கம்மாவும்

கடலூர் மஞ்சக்குப்பத்து வீட்டில், பரண்மேல் பிஸ்கட் டின் நிறையக் கடை ரசீதுகள். கணக்கு எழுதுவதை ஒன்பது நாளாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். வேலையைத் தொடங்க உற்சாகப் பாட்டுகளாகப் பட்டியல் போட்டேன். பொறுக்குவதிலேயே ஒரு மாலை போயிற்று. அதுவும் தள்ளிப்போடல்தான்!

பிறகு ஒரே பாட்டு: 1991இல் வந்த ‘தளபதி’யின் ‘ராக்கம்மா கையத் தட்டு’. வயலின்கள் எழும்பும்போதே டின்னை இறக்கிப் பாயில் கொட்டினேன். ஆனால் நடுவில் ‘குனித்த புருவமும்’ என்று தேவாரம் வந்ததும் வேகம் தணிந்தது, கையும் நின்றது. கேட்டுக்கொண்டே உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள், தேவாரம் வருவதற்குள் மாதவாரியாகப் பிரித்துவிடுவதென்று வைத்துக்கொண்டேன். பாட்டு முடிந்ததும் அணைத்தேன். கூட்டும்போது வரிகள் காதில் விழுந்தால் எனக்கு எண்கள் பிசகுகின்றன. மின்விசிறியை நிறுத்த மறந்ததில் ஜூன் மாதம் முழுவதும் கட்டிலுக்கடியில் பறந்தது. இரவு எட்டரைக்கு நோட்டை மூடினேன்.