டோல்கேட் வரிசையில் டிராஃபிக் ஜாம் அசிஸ்ட்: நின்ற வண்டி எப்போது தானாகக் கிளம்பும், எப்போது கிளம்பாது

பொங்கல் விடுமுறை முடிந்து எல்லோரும் ஊர் திரும்புகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் விருதுநகர்ப் பக்கமிருந்து மதுரைக்கு வந்தவர்களுக்குக் கப்பலூர் டோல்கேட் வரிசையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நாலு அடி நகரும், நிற்கும். மறுபடி நாலு அடி. அந்த வரிசையில்தான் என் புது வண்டியின் டிராஃபிக் ஜாம் அசிஸ்டை, அதாவது முன்காரைப் பின்தொடர்ந்து தானே நின்று தானே கிளம்பும் க்ரூஸ் கண்ட்ரோலை, முதல்முறை நம்பிப் பார்த்தேன். நம்பியது தப்பில்லை, அது எப்போது வேலையில் இருக்கிறது, எப்போது இல்லை என்று பார்க்கத் தெரியாமல் நம்பியதுதான் தப்பு. முன்னால் நின்ற வேனின் பம்பரைத் தொடுவதற்கு ஒரு சாண் இருக்கும்போது பக்கத்தில் இருந்த மச்சான் "மாப்ள, பிரேக்கைப் பிடி!" என்று கத்தினார். பிடித்தேன். என்ன நடந்தது என்பதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன். முதலில் வரிசைக்குள் எப்படி நுழைவது என்று பார்த்துவிடுவோம்.

இது ஆட்டோமேட்டிக் கியர் வண்டிக்கான விளக்கம். க்ரூஸ் கண்ட்ரோலை ஆன் செய்வது எப்படி, பொத்தான் எங்கே இருக்கிறது என்பதெல்லாம் உங்கள் வண்டிப் புத்தகத்திலேயே இருக்கிறது. எண்களும் எச்சரிக்கை வாசகங்களும் வண்டிக்கு வண்டி மாறும். நான் சொல்வது என் வண்டியில் பார்த்தது.

1. வரிசை கண்ணில் பட்டதும் வேகத்தைக் குறையுங்கள்

நாற்கரச் சாலையில் 90-ல் செட் செய்துவிட்டு வருகிறீர்கள். முன்னால் போகும் கார் மெதுவாகிறது, உங்கள் வண்டியும் மெதுவாகிறது. ஊர்ந்து கொண்டிருக்கும்போது ஓடும் வேகம் 6 என்று காட்டினாலும் வண்டியின் மனதில் இருப்பது 90தான். டோல்கேட் நெருங்க நெருங்க எல்லோரும் குட்டி வரிசை தேடி லேன் மாறுவார்கள். உங்களுக்கு முன்னால் இருந்த கார் சட்டென்று இடது பக்கம் ஒதுங்கினால், வழி காலி என்று நினைத்து உங்கள் வண்டி 90-ஐ நோக்கி உறுமிக் கிளம்பும். அடுத்த கார் இருபது அடி தள்ளி நின்று கொண்டிருக்கும். ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கும் ஒன்றைத் திடீரென்று எதிரில் பார்ப்பதில்தான் முன்வண்டியைக் கவனிக்கும் இந்த ரேடார் பலவீனமானது. ஓடிக்கொண்டிருந்து நின்ற வண்டியை அது நன்றாகப் பின்தொடரும், முன்பே நின்றுகொண்டிருந்ததைத் தாமதமாகப் பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம்.

அதனால் வரிசையில் சேர்ந்ததுமே SET – பொத்தானை அழுத்தி அழுத்திச் செட் வேகத்தை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்துவிடுவேன். என் வண்டியில் அது 30. முன்கார் ஒதுங்கினாலும் பாய்ச்சல் இருக்காது, பிரேக்கில் கால் வைக்க நேரம் கிடைக்கும்.

2. இடைவெளிக் கோடுகள்: இதில் மெனக்கெட வேண்டாம்

முன்காருக்கு எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்பதைத் திரையில் கோடுகளாகக் காட்டும், அதை நாம் மாற்றலாம். நாலு கோட்டை ஒரு கோடாக்கினால் இடையில் பைக் நுழையாது என்று நானும் நினைத்தேன். நுழையும். அந்தக் கோடுகள் மீட்டர் கணக்கு இல்லை, விநாடிக் கணக்கு. ஒரு கோட்டுக்கும் நாலு கோட்டுக்கும் ஒன்றரை விநாடி வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்கு 22 மீட்டர் போகிறோம், அதனால் வித்தியாசம் 33 மீட்டர். 8 கிலோமீட்டரில் ஊரும்போது அதே ஒன்றரை விநாடி வெறும் மூன்றேகால் மீட்டர்தான். முழுதாக நின்றுவிட்டால் வித்தியாசமே கிடையாது, எந்தக் கோட்டில் இருந்தாலும் ஏறக்குறைய அதே தூரத்தில்தான் நிற்கும். ஒரு பைக் தாராளமாகத் தலையை நீட்டும் அளவு அந்த இடம் இருக்கும். நான் இரண்டில் வைத்துவிட்டு மறந்துவிடுகிறேன்.

3. நின்ற பிறகு: மூன்று விநாடி

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான்.

முன்கார் நின்றதும் உங்கள் வண்டியும் தானாக நின்று, பிரேக்கைத் தானே பிடித்துக்கொள்ளும். சுமார் மூன்று விநாடிக்குள் முன்கார் நகர்ந்தால் உங்கள் வண்டியும் ஒன்றும் கேட்காமல் கிளம்பிவிடும். அதைத் தாண்டிவிட்டால் கிளம்பாது. பிரேக்கைப் பிடித்தபடியே நின்று, திரையில் Use switch or pedal to accelerate என்று காட்டும். நீங்கள் RES + பொத்தானை ஒரு தட்டு தட்ட வேண்டும், அல்லது ஆக்சிலரேட்டரை லேசாக மிதிக்க வேண்டும். தானாகப் போகும் என்று சும்மா உட்கார்ந்திருந்தால் பின்னால் ஹாரன் கச்சேரி ஆரம்பித்துவிடும்.

ஏன் இப்படி? நின்று நேரமானால் முன்கார் இடைவெளியில் ஆட்கள் நடமாட ஆரம்பிப்பார்கள். வெள்ளரிப்பிஞ்சுக் கூடையோடு ஒரு அம்மா கார்களுக்கு நடுவே குறுக்கே போவார். பம்பருக்கு ஒட்டி, ஓரமாக நிற்கும் ஆளை ரேடார் நம்பிக்கையாகப் பார்ப்பதில்லை. அதனால்தான் கிளம்பும் முடிவை உங்களிடம் விடுகிறார்கள். RES + தட்டுவதற்கு முன் இடது மூலை, நடு, வலது மூலை என்று ஒருமுறை கண்ணை ஓட்டுங்கள். எனக்கு இப்போது அது கைப்பழக்கமாகிவிட்டது.

பொத்தானா, ஆக்சிலரேட்டரா என்றால் நான் பொத்தான் கட்சி. ஆக்சிலரேட்டரில் கால் இருக்கும்வரை வண்டி உங்கள் பேச்சைத்தான் கேட்கும், தானாகப் பிரேக் பிடிக்காது. முன்கார் இரண்டு அடி நகர்ந்து மறுபடி நின்றால், கால் அங்கேயே இருப்பதால் நீங்கள்தான் சுதாரிக்க வேண்டும். பொத்தானைத் தட்டினால் அந்தத் தொல்லை இல்லை, வண்டியும் குலுங்காமல் கிளம்பும்.

இனி என் கதை. வேன் நின்றது, என் வண்டியும் நின்றது. இருபது வருடப் பழக்கம், நின்ற வண்டியில் கால் தானாகப் பிரேக்குக்குப் போய்விட்டது, லேசாக மிதித்தும் விட்டேன். பிரேக்கைத் தொட்டால் அசிஸ்ட் விலகிக்கொள்ளும் என்பது ஓடும்போது எல்லோருக்கும் தெரியும். நின்றிருக்கும்போதும் அப்படித்தான் என்பது எனக்கு உறைக்கவில்லை. அந்த நொடியில் வண்டியைப் பிடித்து வைத்திருந்தது என் கால் மட்டும்தான். 'அதுதான் பிடித்துக்கொண்டிருக்கிறதே' என்று காலை எடுத்தேன். கியர் D-யில் இருக்கிறது. ஆட்டோமேட்டிக் வண்டி காலை எடுத்தால் தானாக ஊரும். மணிக்கு ஆறு கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு ஒன்றரை மீட்டருக்குச் சற்றே மேல். முன்னால் இருந்த மூன்று மீட்டர் கரைய இரண்டு விநாடி போதும். மச்சான் கத்தியது அப்போதுதான்.

கண்டுபிடிப்பது சுலபம். அசிஸ்ட் வேலையில் இருந்தால் செட் வேக எண்ணும் கார் படமும் பச்சையில் இருக்கும். விலகிவிட்டால் எண் சாம்பலாகிவிடும். சாம்பலாக இருந்தால் காலை எடுக்காதீர்கள். முன்கார் நகர்ந்ததும் கொஞ்சம் ஊரவிட்டு RES + தட்டினால் மறுபடி பச்சையாகும்.

ஆட்டோ ஹோல்ட் பொத்தானைப் போட்டு வைத்திருப்பவர்களுக்கு இதன் மறுபக்கம் நடக்கும். பிரேக் மிதித்து அசிஸ்ட் விலகியபின் ஆட்டோ ஹோல்ட் வண்டியைப் பிடித்துக்கொள்ளும். வண்டி ஊராது, நல்லதுதான். ஆனால் முன்கார் போனாலும் இது அசையாது, பொத்தானைத் தட்டினாலும் சில வண்டிகள் அசையாது. ஆட்டோ ஹோல்ட் வேறு வேலை, அசிஸ்ட் வேறு வேலை. இருந்தாலும் வரிசையில் ஆட்டோ ஹோல்டைப் போட்டே வையுங்கள் என்பேன். ஹாரன் வாங்குவது பம்பர் மாற்றுவதை விட மலிவு.

நின்றிருக்கும்போது சில்லறைக்காகக் கதவைத் திறந்தாலோ சீட் பெல்ட்டைக் கழற்றினாலோ அசிஸ்ட் விலகும். என் வண்டியில் அப்போது ஹேண்ட் பிரேக் தானே ஏறிவிடும். பல நிமிடம் அசையாமல் நின்றாலும் அதே கதைதான்.

4. ஸ்டீயரிங் உதவியை அணைத்துவிடுங்கள்

ஸ்டீயரிங் உதவி லேன் கோடுகளைப் பார்த்துத்தான் வண்டியைத் திருப்பும். டோல்கேட் அருகே சாலை விரிந்து அந்தக் கோடுகள் அழிந்து போயிருக்கும். கோடு தெரியாதபோது சில வண்டிகள் முன்காரின் தடத்தையே பிடித்துப் போகும். முன்கார்க்காரர் பக்கத்து வரிசைக்கு வளைந்தால் உங்கள் ஸ்டீயரிங்கும் அந்தப் பக்கம் இழுக்கும். ஊர்ந்து போகிற வேகத்தில் ஸ்டீயரிங் பிடிப்பது ஒரு பாரமா? வேகம் மட்டும் அதன் கையில், திசை என் கையில்.

5. பூத்துக்கு இரண்டு வண்டி முன்னால் CANCEL

இதில் பேரம் கிடையாது. முன்காரின் ஃபாஸ்டேக் படித்து தடுப்புக்கட்டை மேலே போகும், அது கிளம்பும், உங்கள் வண்டியும் சமர்த்தாகப் பின்னாலேயே கிளம்பும். நடுவில் கட்டை இறங்கும். மெலிதாக, குறுக்கே தொங்கும் அந்தக் கட்டையை இது ஒரு பொருளாகவே எடுத்துக்கொள்ளாமல் போகலாம். அதனால் பூத்துக்கு இரண்டு வண்டி இருக்கும்போதே பிரேக்கில் காலை வைத்து, CANCEL அழுத்தி, மீதியை நீங்களே ஓட்டுங்கள்.

முன்னால் இருப்பது கார் இல்லை, வைக்கோல் ஏற்றிய டிராக்டர் அல்லது கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் லாரி என்றாலும் இதே விதி. ரேடார் பார்ப்பது வண்டியின் பின்புறத்தை, சில சமயம் அதன் அச்சை. அதற்கு வெளியே ஆறடி நீண்டு நிற்கும் கம்பி அதற்குக் கணக்கில் இல்லை.

ஊருக்குள் இதைப் போடலாமா என்று கேட்பீர்கள். காளவாசல், சிம்மக்கல் பக்கம் நான் போடுவதில்லை. ஷேர் ஆட்டோ கோணலாக மூக்கை நுழைக்கும்போது அது பாதி உள்ளே வந்தபிறகுதான் என் வண்டி அதை முன்வண்டி என்று ஒத்துக்கொள்கிறது. நேர் வரிசை, பெரிய வண்டிகள், டோல்கேட் அல்லது ரிங் ரோடு, அவ்வளவுதான் இதன் எல்லை.

பின்னால் சேர்த்தது: மேனுவல் கியர் வண்டி வைத்திருக்கும் ஒருவர், தன் வண்டியில் க்ரூஸ் முன்காரைப் பின்தொடர்கிறது, ஆனால் ஊரும்போது பீப் அடித்துக் கைவிடுகிறது, பழுதா என்று கேட்டிருந்தார். பழுது இல்லை. நிற்க வேண்டுமென்றால் கிளட்ச்சை மிதிக்க வேண்டும், அதற்கு ஏது கால்?

இன்னொன்று: ஆயுத பூஜைக்கு மறுநாளிலிருந்து ரேடார் மறைந்திருக்கிறது என்று எச்சரிக்கை வந்து எதுவும் ஆன் ஆகவில்லை என்றார் ஒரு வாசகர். படம் அனுப்பச் சொன்னேன். முன் கிரில்லில் நடுவே வழவழப்பான கறுப்புச் சதுரம், அதன் மேல் விரல் தடிமனுக்குச் சந்தனம், அதில் குங்குமம், மேலே மாலை. அந்தச் சதுரத்துக்குப் பின்னால்தான் ரேடார் இருக்கிறது. ஈரத்துணியால் துடைத்துவிட்டு வண்டியை அணைத்து ஸ்டார்ட் செய்ததும் எச்சரிக்கை போய்விட்டது. சந்தனத்தை இனி பானெட்டில் வைக்கிறாராம்.